ஒளிப்படத்திலிருந்து வினாத்தாள் வரை: பத்தாம் வகுப்புக் கணிதத்தின் அலகுவாரி மதிப்பெண் பங்கீடு

1. ஆய்வின் பொருளும் எல்லையும்

திருச்சி–சென்னை தேசிய நெடுஞ்சாலையில் பெரம்பலூரைத் தாண்டி வடக்கே போனால் ரஞ்சன்குடி. இந்த வட்டாரத்துப் பள்ளிகளில் ஜனவரி பிறந்தால் மாதிரிப் பொதுத்தேர்வுக் காலம். வினாத்தாளைப் பெரும்பாலும் பாட ஆசிரியரே எடுக்கிறார். அவர் கையில் இருப்பது அச்சிட்ட பாடத்திட்டம் அன்று. யாரோ கணினித் திரையைக் கைப்பேசியில் படமெடுத்து, குழுவில் அனுப்பி, அது நான்கு கை மாறி வந்த ஓர் அட்டவணைப் படம். எந்த அலகுக்கு எத்தனை மதிப்பெண் என்பது அதில் இருக்கிறது. அந்தப் படத்தைக் கொண்டு, அலகும் வினா வகையும் சிந்தனைத் தரமும் ஒன்றுக்கொன்று பொருந்தும் திட்ட அட்டவணையை, அதாவது ஆசிரியர்கள் புளூபிரிண்ட் என்று சொல்வதை, எப்படிப் போடுவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எடுத்துக்காட்டாக மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பத்தாம் வகுப்புக் கணிதத்தை எடுத்துக்கொள்கிறேன். அந்த வாரியம் அலகுவாரி மதிப்பெண்ணைப் பாடத்திட்டத்திலேயே வெளியிடுவதால் ஒவ்வோர் எண்ணையும் சரிபார்க்க முடிகிறது. 2023-24, 2024-25 கல்வியாண்டுகளின் பங்கீடு இது: எண் முறைகள் 6, இயற்கணிதம் 20, ஆயத்தொலை வடிவியல் 6, வடிவியல் 15, முக்கோணவியல் 12, அளவியல் 10, புள்ளியியலும் நிகழ்தகவும் 11. மொத்தம் 80. மாநிலப் பாடத்திட்டத்துக்கு இம்முறை எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதை ஐந்தாம் பிரிவில் காணலாம்.

2. படத்தைப் படித்தல்

2.1 கூட்டுத்தொகை எதைக் காட்டும், எதைக் காட்டாது

படத்திலிருந்து எண்களை எடுத்து எழுதியவுடன் எல்லோரும் செய்வது கூட்டிப் பார்ப்பது. 80 வந்தால் சரி என்று மேலே போய்விடுகிறோம். இந்தச் சோதனை தேவையானதுதான். 6-ஐ 8 என்று படித்திருந்தால் கூட்டுத்தொகை 82 ஆகி உடனே காட்டிக்கொடுக்கும். ஆனால் இதற்குப் பிடிபடாத பிழைகளும் உண்டு, அவைதான் ஆபத்தானவை.

முதலாவது, வரி மாறுதல். திரையைச் சாய்வாகப் படமெடுத்தால் அட்டவணையின் கோடுகள் வலப்பக்கம் போகப்போக மேலேறும் அல்லது கீழிறங்கும். அலகின் பெயர் இடது ஓரத்திலும் மதிப்பெண் வலது ஓரத்திலும் இருப்பதால், கண் ஒரு வரி தவறினால் வடிவியலின் 15 முக்கோணவியலுக்கும், அதன் 12 வடிவியலுக்கும் போய்விடும். கூட்டுத்தொகை அப்போதும் 80-தான். படத்திலிருந்து எழுத்தெடுக்கும் செயலிகளிலும் இந்தச் சிக்கல் வருகிறது. சில நேரம் அவை எல்லாப் பெயர்களையும் முதலிலும் எல்லா எண்களையும் அடுத்தும் தருகின்றன. இடையில் ஓர் எண் விடுபட்டிருந்தால் அதற்குக் கீழுள்ளவை எல்லாம் ஒரு படி மேலேறிவிடும். ஆகவே இரண்டு முறை படிக்க வேண்டும்: ஒரு முறை எண்களை மட்டும் மேலிருந்து கீழாக, இன்னொரு முறை திரையின் மேல் ஓர் அளவுகோலைச் சாய்வுக்கு ஏற்றபடி வைத்து, பெயரிலிருந்து எண்ணுக்கு வரி வரியாக. இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

இரண்டாவது பிழை இன்னும் பெரியது. ஒன்பதாம் வகுப்பு அட்டவணையின் மொத்தமும் 80-தான். அதில் எண் முறைகள் 10, இயற்கணிதம் 20, ஆயத்தொலை வடிவியல் 4, வடிவியல் 27, அளவியல் 13, புள்ளியியல் 6. படத்தின் தலைப்பு வெட்டுப்பட்டிருந்தால் எந்த வகுப்புக்குரியது என்பதைக் கூட்டுத்தொகை சொல்லாது, வரிகளின் எண்ணிக்கைதான் சொல்லும். பத்தாம் வகுப்பில் ஏழு அலகுகள், ஒன்பதில் ஆறு. ஒன்பதில் முக்கோணவியல் வரியே கிடையாது. அதனால் எண்களைத் தொடுவதற்கு முன் அலகுகளின் பெயர்களைப் பாடநூலின் பொருளடக்கத்தோடு ஒப்பிட்டுவிடுவது நல்லது. பத்தாம் வகுப்பு நூலின் 14 பாடங்களும் இந்த ஏழு அலகுகளுக்குள் மிச்சமில்லாமல் அடங்கவேண்டும்.

2.2 வெட்டுப்பட்ட ஓரங்கள்

தலைப்பில் இருக்கும் பாட எண்ணும் முக்கியம். பொதுநிலைக் கணிதத்துக்கு 041, அடிப்படைக் கணிதத்துக்கு 241. அலகுவாரி மதிப்பெண் இரண்டுக்கும் ஒன்றுதான். வேறுபடுவது சிந்தனைத் தரங்களின் பங்கு, அது பாடத்திட்டத்தில் வேறு இடத்தில் இருக்கிறது. மேல்பகுதியை மட்டும் படமெடுத்தவர் அந்த வேறுபாட்டைத் தெரியாமலே வெட்டிவிடுகிறார். பொதுநிலைத் தாளில் 80-க்கு 43 மதிப்பெண் நினைவுகூர்தலுக்கும் புரிதலுக்கும், 19 பயன்படுத்துதலுக்கும், 18 பகுத்தாய்தல், மதிப்பிடுதல், படைத்தல் ஆகியவற்றுக்கும் உரியவை. அடிப்படைத் தாளில் முதல் தரத்தின் பங்கு இதைவிடப் பெரிதும் கூடுதல்.

அக மதிப்பீட்டுக்கான 20 மதிப்பெண்ணும் வெட்டுப்பட்டுப் போவது வழக்கம். மொத்தம் 100 என்ற நினைவோடு வருகிறவர், 80 என்ற எண்ணைப் பார்த்ததும் ஏதோ விடுபட்டதாக எண்ணி எல்லா அலகுகளையும் நூற்றுக்கு உயர்த்திவிடுவார். விகிதம் கெடாது. ஆனால் அப்படிப் போட்ட தாள் மூன்று மணி நேரத்தில் முடியாது.

3. அட்டவணையை நிரப்புதல்

3.1 இரு பக்கக் கட்டு

எழுத்துத் தேர்வில் 38 வினாக்கள். ஒரு மதிப்பெண் வினா 20, இரண்டு மதிப்பெண் 5, மூன்று மதிப்பெண் 6, ஐந்து மதிப்பெண் 4, சூழல் வினா 3. சூழல் வினா ஒவ்வொன்றும் 1, 1, 2 என்று பிரிந்து 4 மதிப்பெண். ஆக, அட்டவணையின் வரிகள் அலகுகள், பத்திகள் வினா வகைகள். வரிக்கு வரி மதிப்பெண் கூடவேண்டும், பத்திக்குப் பத்தி வினா எண்ணிக்கை கூடவேண்டும். வரி ஒன்றைச் சரிசெய்தால் பத்தி கெடும், பத்தியைச் சரிசெய்தால் இன்னொரு வரி கெடும். இந்த வேலையின் கடினம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

ஒரு மதிப்பெண் வினாக்கள் எங்கும் பொருந்துபவை என்பதால் அவற்றைக் கடைசிவரை கையில் வைத்திருக்க வேண்டும். முதலில் இடம்பிடிக்க வேண்டியவை பெரியவை. நம் ஆசிரியர்கள் பலர் முதல் பாடத்திலிருந்து வரிசையாக, ஒரு மதிப்பெண் வினாக்களில் தொடங்கி எழுதிக்கொண்டே போகிறார்கள். கடைசிப் பாடத்துக்கு வரும்போது ஐந்து மதிப்பெண் வினாக்கள் மட்டும் மீந்து நிற்கும், அவற்றை அங்கேயே கொட்டவேண்டிவரும். பல பள்ளித் தாள்களில் புள்ளியியலின் சுமை திடீரென்று ஏறியிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று கருதுகிறேன்.

3.2 செய்து காட்டல்

நான்கு நெடுவினாக்களும் மூன்று சூழல் வினாக்களும் சேர்ந்து ஏழு. அலகுகளும் ஏழு. ஆனால் அலகுக்கு ஒன்று என்று பகிர முடியாது. எண் முறைகள் அலகில் இருப்பது ஒரே பாடம், 6 மதிப்பெண். அங்கே நெடுவினா வைத்தால் மீதி ஒரே மதிப்பெண், மற்ற கருத்துகளுக்கு இடமிருக்காது. எனவே அதற்குப் பெரிய வினா வேண்டாம். மூன்று, இரண்டு, ஒன்று என்று ஒவ்வொன்று வைத்தால் 6 நிறைந்துவிடும்.

ஆயத்தொலை வடிவியலுக்கும் 6-தான். ஆனால் இங்கே ஒரு வரைகட்டத்தைக் கொடுத்து, தொலைவுச் சூத்திரம், நடுப்புள்ளி, பிரிவுச் சூத்திரம் மூன்றையும் ஒரே சூழல் வினாவின் மூன்று உட்பிரிவுகளில் கேட்கலாம். 4 போக மீதி 2, இரண்டு ஒரு மதிப்பெண் வினாக்கள். உயரங்களும் தொலைவுகளும் சூழல் வினாவுக்கென்றே அமைந்த பாடம் என்பதால் முக்கோணவியலுக்கு இன்னொன்று. மூன்றாவது இயற்கணிதத்துக்கு. அங்கே 20 மதிப்பெண் இருப்பதால் ஒரு சூழல் வினாவோடு ஒரு நெடுவினாவையும் அது தாங்கும். மற்ற மூன்று நெடுவினாக்கள் வடிவியல், அளவியல், புள்ளியியல் ஆகியவற்றுக்குப் போகின்றன.

பெரியவை இடம்பிடித்த பிறகு, ஆயத்தொலை வடிவியல் நீங்கலாக மற்ற ஆறு அலகுகளுக்கும் ஒவ்வொரு மூன்று மதிப்பெண் வினா. இரண்டு மதிப்பெண் வினாக்கள் ஐந்தில் இயற்கணிதத்துக்கு இரண்டு, எண் முறைகள், வடிவியல், முக்கோணவியல் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. ஒவ்வொரு வரியிலும் மீந்த மதிப்பெண்ணே அந்த அலகின் ஒரு மதிப்பெண் வினாக்களின் எண்ணிக்கை. நிரம்பிய அட்டவணை இது:

| அலகு | 1 | 2 | 3 | 5 | சூழல் (4) | மதிப்பெண் |
|---|---|---|---|---|---|---|
| எண் முறைகள் | 1 | 1 | 1 | – | – | 6 |
| இயற்கணிதம் | 4 | 2 | 1 | 1 | 1 | 20 |
| ஆயத்தொலை வடிவியல் | 2 | – | – | – | 1 | 6 |
| வடிவியல் | 5 | 1 | 1 | 1 | – | 15 |
| முக்கோணவியல் | 3 | 1 | 1 | – | 1 | 12 |
| அளவியல் | 2 | – | 1 | 1 | – | 10 |
| புள்ளியியலும் நிகழ்தகவும் | 3 | – | 1 | 1 | – | 11 |
| வினாக்கள் | 20 | 5 | 6 | 4 | 3 | 80 |

கணக்குத்தாளில் போடுகிறவர்கள் இரண்டாம் வரியில், B முதல் F வரை 1, 2, 3, 5, 4 என்ற மதிப்பெண்களை வைத்து, மூன்றாம் வரியிலிருந்து ஒன்பதாம் வரிவரை அலகுகளை எழுதிக்கொள்ளலாம். முதல் சூத்திரம் அலகின் மதிப்பெண்ணையும், இரண்டாவது வினா வகையின் எண்ணிக்கையையும் தரும்.

```
=SUMPRODUCT(B3:F3,$B$2:$F$2)
=SUM(B3:B9)
```

எண்கள் பொருந்திவிட்டன என்பதற்காக அட்டவணை நல்லதாகிவிடாது. புள்ளியியலுக்கு நெடுவினாவோடு சூழல் வினாவையும் சேர்த்துக்கொடுத்தால் 9 போய், மீதி 2 மதிப்பெண்ணை ஒற்றை வினாக்களால் நிரப்பலாம். மற்ற வரிகளை அதற்கேற்ப மாற்றி 80-ஐயும் கொண்டுவரலாம். ஆனால் அந்த அலகின் 11 மதிப்பெண்ணில் 9 இரண்டே வினாக்களில் தொங்கும். இடைநிலை அளவின் சூத்திரத்தில் ஒரு மாணவி தடுமாறினால், நிகழ்தகவு அவளுக்கு எவ்வளவு தெரியும் என்பதைத் தாள் கேட்காமலே போய்விடும். அலகில் எத்தனை பாடங்கள் இருக்கின்றனவோ அத்தனைக்கும் குறைந்தது ஒரு தனி வினா வேண்டும் என்பதை நான் விதியாகவே கொள்கிறேன். இயற்கணிதத்தில் பல்லுறுப்புக்கோவை, இரு மாறி நேரியல் சமன்பாடு, இருபடிச் சமன்பாடு, கூட்டுத்தொடர் என நான்கு பாடங்கள் இருப்பதால் அந்த வரியை அடுத்த தாளில் விரித்து எழுதித்தான் பார்க்க வேண்டும்.

3.3 சிறு தேர்வுக்குச் சுருக்குதல்

இதே பங்கீட்டை 40 மதிப்பெண் திருப்புதல் தேர்வுக்குச் சுருக்கினால் 3, 10, 3, 7½, 6, 5, 5½ வரும். அரைகள் இரண்டையும் மேலே ஏற்றினால் 41 ஆகிவிடும். ஒன்றை ஏற்றி மற்றதை இறக்க வேண்டும். முதல் தேர்வில் வடிவியல் 8, புள்ளியியல் 5 என்றால், அடுத்த தேர்வில் 7, 6. இரண்டு தேர்வும் சேர்ந்தால் மூல அட்டவணை மீண்டும் கிடைத்துவிடும்.

4. மூன்றாம் பரிமாணம்: சிந்தனைத் தரம்

பெஞ்சமின் புளூமும் அவருடைய குழுவினரும் கல்வி நோக்கங்களின் வகைப்பாட்டை வெளியிட்டது 1956-இல். இன்று பாடத்திட்டத்தில் காணும் தரப் பெயர்கள் அந்த வகைப்பாட்டின் பின்னாளைய திருத்தத்திலிருந்து வந்தவை. 43, 19, 18 என்ற பங்கு மேலே கண்ட அட்டவணையின் மேல் இன்னொரு கட்டாக அமைகிறது.

தரத்தை வினைச்சொல்லைப் பார்த்து முடிவுசெய்வதுதான் இங்கே அடிக்கடி நேரும் பிழை. ‘நிறுவுக’ என்றால் பகுத்தாய்தல், ‘காண்க’ என்றால் பயன்படுத்துதல் என்று ஒட்டிவிடுகிறார்கள். அடிப்படை விகிதசமத் தேற்றத்தை நிறுவச் சொல்லும் ஐந்து மதிப்பெண் வினாவை எடுத்துக்கொள்வோம். அந்த நிரூபணம் பாடநூலில் வரிக்கு வரி இருக்கிறது, வகுப்பில் பலமுறை எழுதிப் பார்த்தது. மாணவருக்கு அது நினைவுகூர்தல்தான். அதே தேற்றத்தைக் கொண்டு, பார்த்திராத ஒரு சரிவகப் படத்தில் ஒரு விகிதத்தை நிறுவச் சொன்னால் அது மேல் தரம். சொல் ஒன்றுதான், தரம் வேறு. வகுப்பில் என்ன நடந்தது என்பது தெரிந்தவரால்தான் இதை முடிவுசெய்ய முடியும். விலைக்கு வரும் வினா வங்கியின் தரக் குறிகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான்.

சூழல் வினா தரக் கணக்குக்குப் பெரிய வசதி, ஏனென்றால் ஒரே வினாவுக்குள் மூன்று தரங்களையும் வைக்கலாம். ரஞ்சன்குடிக் கோட்டையை வைத்து முக்கோணவியலுக்கு ஒன்று எழுதிப் பார்ப்போம்.

கோட்டையில் சமதளத்தின் மேல் ஒரு மதில் செங்குத்தாக நிற்பதாகக் கொள்க. ஒரு மாணவி ஓரிடத்தில் நின்று மதிலின் உச்சியை 30° ஏற்றக் கோணத்தில் காண்கிறாள். மதிலை நோக்கி 40 மீட்டர் நடந்தபின் ஏற்றக் கோணம் 60° ஆகிறது. (அ) விவரங்களைக் குறித்துப் படம் வரைக – 1. (ஆ) இரண்டாம் இடத்திலிருந்து மதிலின் அடிவரை உள்ள தொலைவு x எனில், உயரத்தை x-இல் எழுதுக – 1. (இ) மதிலின் உயரம் காண்க – 2.

h = x√3 என்பதும் h = (x + 40)/√3 என்பதும் சேர்ந்து 3x = x + 40, ஆகவே x = 20, உயரம் 20√3, ஏறத்தாழ 34.6 மீட்டர். இவை கணக்குக்காகக் கொண்ட எண்கள், உண்மைக் கோட்டையின் அளவுகள் அல்ல. ‘சமதளம்’, ‘கொள்க’ என்ற இரு சொற்களும் வினாவில் இருந்தே ஆகவேண்டும். கோட்டையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அங்கே தரை ஏறி இறங்குவது தெரியும். அந்தக் கோட்டையை ஒட்டி ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் 1751-இல் மோதிய வரலாற்றை இங்கே சேர்த்தால் படிப்பதற்குச் சுவைதான். ஆனால் கணக்குக்குத் தேவைப்படாத ஒவ்வொரு வரியும் மெதுவாகப் படிக்கும் பிள்ளையின் நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

இந்த வினாவில் ஒரு குறை இருக்கிறது: (இ) முழுக்க (ஆ)-வைச் சார்ந்திருக்கிறது. (ஆ)-வில் தவறியவர் மூன்று மதிப்பெண்ணையும் இழப்பார். விடைக்குறிப்பில், தவறான தொடர்பைக் கொண்டும் முறை சரியாக இருந்தால் (இ)-க்கு ஒரு மதிப்பெண் என்று எழுதிவைக்கலாம். அதைவிட நல்லது, (ஆ)-வில் tan 60°-இன் மதிப்பையோ, 60° கோணத்தில் பார்க்கும்போது தொலைவுக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தையோ தனியாகக் கேட்டுச் சங்கிலியை அறுத்துவிடுவது.

5. தெரிவு வினாக்களும் மாநிலப் பாடத்திட்டமும்

மேலே கண்ட தாளில் உட்தெரிவு குறைவு. இரண்டு, மூன்று, ஐந்து மதிப்பெண் பகுதிகள் ஒவ்வொன்றிலும் இரு வினாக்களுக்கும், சூழல் வினாக்களின் இரண்டு மதிப்பெண் உட்பிரிவுக்கும் மட்டும் ‘அல்லது’ உண்டு. ‘அல்லது’ என்பதற்கு முன்னும் பின்னும் வரும் வினாக்கள் ஒரே அலகிலும் ஒரே தரத்திலும் இருந்தால் அட்டவணை அசையாது. நெடுவினா ஒன்றில் ‘அளவியல் அல்லது புள்ளியியல்’ என்று வைத்துவிட்டால், ஒரு மாணவருக்கு அளவியல் 5 மதிப்பெண்ணாகவும் இன்னொருவருக்கு 10 ஆகவும் ஆகிவிடும்.

தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்புக் கணிதத் தாளில் நிலைமை வேறு. ஒரு மதிப்பெண் 14. இரண்டு மதிப்பெண் 14-இல் 10. ஐந்து மதிப்பெண் 14-இல் 10. எட்டு மதிப்பெண் வினா இரண்டு, இரண்டிலும் ‘அல்லது’. எழுதவேண்டியது 100 மதிப்பெண்ணுக்கு, அச்சாகியிருப்பதோ 144-க்கு. இங்கே அலகுவாரி அட்டவணை அச்சான தாளைத்தான் கட்டுப்படுத்தும், எழுதப்படும் விடைகளை அன்று. ஐந்து மதிப்பெண் பகுதியில் ஓர் அலகிலிருந்து இரண்டு வினாக்கள் இருந்தால், அந்த அலகை முழுக்கத் தவிர்த்தும் மாணவர் பத்தை நிரப்பிவிடலாம். கட்டாய வினாக்களான 28-ம் 42-ம் எங்கே விழுகின்றன என்பதுதான் அந்தத் தவிர்ப்பைத் தடுக்கும். எட்டு மதிப்பெண் வினாக்கள் செய்முறை வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் என்று நிலைபெற்றுவிட்டதால், 16 மதிப்பெண் பங்கீட்டுக்கு வெளியே நிற்கிறது. ஆகவே மாநிலத் தாளுக்கு இரண்டு அட்டவணைகள் போடவேண்டும் என்பது என் முடிவு: ஒன்று அச்சாகும் 144-க்கு, மற்றொன்று ஓர் அலகை விட்டுவிட்டுப் படித்த மாணவர் அதிகமாக எத்தனை வாங்க முடியும் என்பதற்கு. இரண்டாவதில் ஏதாவது ஓர் அலகின் எதிரே 100 என்று வந்தால் கட்டாய வினாவை அங்கே நகர்த்த வேண்டும்.

6. மறுவழிச் சோதனை

வினாக்களை எழுதி முடித்தபின், திட்ட அட்டவணையைக் காட்டாமல் வினாத்தாளையும் விடைக்குறிப்பையும் மட்டும் இன்னொரு கணித ஆசிரியரிடம் கொடுத்து, அலகுவாரியாகப் பிரித்துத் தரச் சொல்ல வேண்டும். அவர் போட்ட அட்டவணையும் நாம் போட்டதும் மாறுபடும் இடங்கள்தான் பார்க்கவேண்டியவை. பெரும்பாலும் அவை இரண்டு அலகுகளைத் தொடும் வினாக்களாக இருக்கும்.

பெரம்பலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் சின்ன வெங்காயப் பட்டறைக்குச் செவ்வக வடிவில் தரை போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நீளம் அகலத்தைவிட 7 மீட்டர் அதிகம், மூலைவிட்டம் அகலத்தைவிட 8 மீட்டர் அதிகம், பக்கங்களைக் காண வேண்டும். இதை இயற்கணிதத்தின் நெடுவினாவாக நாம் கணக்கிட்டிருப்போம். பார்வையிடும் ஆசிரியர் பிதாகரஸ் தேற்றம் வருகிறதே என்று வடிவியலில் போடக்கூடும். வாதாடிப் பயனில்லை, விடைக்குறிப்பைத்தான் பார்க்க வேண்டும். சமன்பாட்டை அமைத்து x² − 2x − 15 = 0 என்று சுருக்குவதற்கு 2, காரணிப்படுத்துவதற்கு 2, −3-ஐ நீக்கி 5 மீட்டர், 12 மீட்டர் என்று சொல்வதற்கு 1 என்று இருந்தால், ஐந்தும் இயற்கணிதத்துக்கே. தேற்றத்தை எழுதுவதற்கென்று தனியாக ஒரு மதிப்பெண் ஒதுக்கியிருந்தால் இயற்கணிதம் 19 ஆகவும் வடிவியல் 16 ஆகவும் மாறிவிட்டன. அப்போது வடிவியலின் ஒரு மதிப்பெண் வினா ஒன்றை எடுத்துவிட்டு இயற்கணிதத்தில் ஒன்றைச் சேர்க்கவேண்டும், அல்லது விடைக்குறிப்பின் அந்த ஒரு மதிப்பெண்ணைச் சமன்பாடு அமைக்கும் படியோடு இணைத்துவிட வேண்டும். இரண்டாவது எளிது. ஆனால் தேற்றத்தை மட்டும் சரியாக எழுதி நின்றுவிடும் பிள்ளைக்கு அந்த ஒரு மதிப்பெண் கிடைக்காமல் போகும் என்பதால், வினாவை மாற்றும் முதல் வழியையே நான் தேர்வேன்.